பன்னிரண்டு விளம்பரங்களிலிருந்து ஒரு ப்ரொஃபைல்: எந்த வார்த்தையை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

"அண்ணா, எனக்குச் சொந்த ஊர் ஆத்தூர். பீன்யாவில் ஒரு சின்ன கம்பெனியில் நாலு வருஷமா அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், டேலிதான். மான்யதா, பெல்லந்தூர் பக்கம் பெரிய கம்பெனிகளில் அக்கவுண்ட்ஸ் பேயபிள் வேலைக்கு முயற்சி பண்றேன். நௌக்ரி, லிங்க்ட்இன் ரெண்டிலும் ப்ரொஃபைல் இருக்கு, அஞ்சு மாசமா போனே வரல. விளம்பரத்தில் இருக்கிற கீவேர்டை எடுத்துப் போடுன்னு ரூம்மேட் சொல்றா. செய்யாததைப் போட்டா பொய்தானே? இதை எப்படித்தான் செய்யறது?"

முதலில் இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் எப்படித் தேடுகிறேன் என்று பாருங்கள். பெங்களூரில் ஃபைனான்ஸ் வேலைகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கம்பெனியிலிருந்து ஒரு வேலை விவரம் வந்ததும், நௌக்ரியில் நாங்கள் ரெஸ்யூமே தேடும் ரெஸ்டெக்ஸில் ஏறக்குறைய இப்படி ஒன்றைத் தட்டுவேன்:

```
"accounts payable" AND ("3 way match" OR "vendor reconciliation") AND (SAP OR Oracle OR Tally)
```

பிறகு அனுபவம் 3 முதல் 6 ஆண்டு, ஊர் பெங்களூர், நோட்டீஸ் பீரியட் இத்தனை நாள் என்று வடிகட்டுவேன். வரும் பட்டியலில் ஒவ்வொருவரின் ஹெட்லைனையும் சில நொடிகள் பார்ப்பேன். சரியாகத் தெரிந்தால் திறப்பேன், இல்லையென்றால் அடுத்தவர். உங்கள் ப்ரொஃபைலில் "பர்சேஸ் பில் என்ட்ரி", "பார்ட்டி லெட்ஜர்" என்று இருந்தால், நீங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்பவராக இருந்தாலும் என் திரைக்கே வரமாட்டீர்கள். பீன்யாவில் அந்த வேலைக்கு ஒரு பெயர், பெல்லந்தூரில் இன்னொரு பெயர். விளம்பரங்களைத் துழாவுவது அந்த இன்னொரு பெயரைக் கண்டுபிடிக்கத்தான்.

போன வருடம் பொம்மசந்திராவில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை பார்த்த தர்மபுரித் தம்பி ஒருவருக்கு உட்கார்ந்து இதைச் செய்தேன். உங்கள் நிலைமையும் அவருடையதும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் அவரை வைத்தே சொல்கிறேன்.

பதினைந்து விளம்பரங்களைச் சேர்த்தோம். ஒரே வேலை, ஒரே ஊர், ஒரே அனுபவ அளவு. இதில் கண்டிப்பாக இருங்கள். அக்கவுண்ட்ஸ் பேயபிள் விளம்பரத்தோடு ஜிஎஸ்டி எக்ஸிகியூட்டிவ், ஆடிட் அசிஸ்டென்ட் எல்லாம் கலந்தால் வரும் எண்ணிக்கை எதற்கும் உதவாது. படித்துப் பார்த்ததில் மூன்று விளம்பரங்கள் ஏற்கெனவே சேர்த்தவற்றின் நகல் என்று தெரிந்தது. ஒரே காலியிடத்தை மூன்று நான்கு கன்சல்டன்ஸிகள் வெவ்வேறு தலைப்பில் போடுவது இங்கே சாதாரணம். கம்பெனி பெயர் இருக்காது, ஆனால் பொறுப்புகள் வரிக்கு வரி அப்படியே இருக்கும். அவற்றை நீக்காமல் எண்ணினால் ஒரே கம்பெனியின் விருப்பம் ஊர் வழக்கம் போலத் தெரியும். நீக்கியபின் மிஞ்சியது பன்னிரண்டு.

அடுத்தது எக்செல். ஒரு விளம்பரத்துக்கு ஒரு செல், பி காலத்தில் இரண்டாம் வரிசையிலிருந்து பதின்மூன்றாம் வரிசை வரை. ஒட்டும்போது செல்லை இரட்டைக் கிளிக் செய்து உள்ளே போய் ஒட்டுங்கள். இல்லையென்றால் விளம்பரத்தின் ஒவ்வொரு வரியும் தனித்தனி வரிசையில் போய் விழும். "நாங்கள் சமவாய்ப்பு அளிக்கும் நிறுவனம்", "வேகமான சூழலில் பணிபுரியும் திறன்" வகையறா வாசகங்களை அப்போதே வெட்டிவிடுங்கள். எல்லா விளம்பரத்திலும் இருப்பதால் அவை எண்ணிக்கையில் முதலிடம் பிடிக்கும், ஆனால் அவற்றை வைத்து யாரும் தேடுவதில்லை. பிறகு இந்த ஃபார்முலா:

```
=SUMPRODUCT(--ISNUMBER(SEARCH("reconcil",$B$2:$B$13)))
```

ஒரு சொல் எத்தனை தடவை வருகிறது என்பதை இது எண்ணாது. எத்தனை விளம்பரங்களில் வருகிறது என்பதைத்தான் எண்ணும். நமக்கு வேண்டியதும் அதுதான். ஒரு விளம்பரம் எட்டு முறை எஸ்ஏபி என்று கத்தினாலும் அது ஒரு கம்பெனிதான். சொல்லின் முன்பாதியை மட்டும் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள், அப்போதுதான் வினைச்சொல்லாக வந்தாலும் பெயர்ச்சொல்லாக வந்தாலும் மாட்டும். த்ரீ-வே மேட்ச்சுக்கு `3?way` என்று கொடுத்தால் நடுவில் கோடு இருந்தாலும் இடைவெளி இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். சிலர் எண்ணுக்குப் பதில் எழுத்தால் எழுதியிருப்பார்கள், அதற்குத் தனியாக ஒரு தேடல்.

ஒரு வேடிக்கை. அந்தத் தம்பி `AP` என்ற இரண்டு எழுத்தைத் தேடி, பன்னிரண்டிலும் இருக்கிறது என்று மகிழ்ச்சியாகக் காட்டினார். எப்படி இல்லாமல் போகும்? `SAP` என்ற சொல்லுக்குள்ளும் அது இருக்கிறது, `apply` என்ற சொல்லுக்குள்ளும் இருக்கிறது. சுருக்கெழுத்துகளைத் தேடினால் ஒரு தடவை கண்ணால் சரிபார்த்துவிடுங்கள்.

அவருக்கு வந்த எண்ணிக்கையைச் சொல்கிறேன். இன்வாய்ஸ் ப்ராசஸிங் 11. வெண்டர் ரிகன்சிலியேஷன் 9, எஸ்ஏபி 9. மந்த்-எண்ட் 8, ஜிஎஸ்டி 8. த்ரீ-வே மேட்ச் 7, டிடிஎஸ் 7. பி2பி 6. ஆரக்கிள் 3. அதற்குக் கீழே ஒன்றிரண்டில் மட்டும் வந்தவை நிறைய, அவற்றை விட்டுவிட்டோம். பன்னிரண்டில் நாலுக்குக் கீழே இருந்தால் அது அந்தந்தக் கம்பெனியின் தனி ஆசை. அந்தக் கம்பெனிக்கு விண்ணப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம், பொதுவான ப்ரொஃபைலுக்கு வேண்டாம்.

இதுவரை கூலி வேலை. இனிமேல்தான் உங்கள் பொய்க் கேள்வி வருகிறது.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் எடுத்து அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "கடைசியா இதை எப்பப் பண்ணின?" த்ரீ-வே மேட்ச் என்றதும், "அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணா, பெரிய கம்பெனி சமாச்சாரம்" என்றார். சரி, சப்ளையர் பில் வந்தால் என்ன செய்வாய் என்றேன். "ஸ்டோர்ஸ்ல இருந்து ஜிஆர்என் வாங்குவேன், பர்சேஸ் ஆர்டரை எடுப்பேன், ரேட்டும் எண்ணிக்கையும் மூணுலயும் ஒத்துப்போகுதான்னு பார்த்துட்டுத்தான் என்ட்ரி போடுவேன். போன வாரம்கூட 500 பேரிங்குன்னு பில், ஜிஆர்என்ல 480தான் இருந்துச்சு. பில்லை நிறுத்தி வச்சு, 20க்கு டெபிட் நோட் போட்டேன்."

அதுதான் த்ரீ-வே மேட்ச். பர்சேஸ் ஆர்டர், ஜிஆர்என், பில் மூன்றையும் ஒத்துப் பார்ப்பதைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. பேரிங் குறைந்ததற்காக பில்லை நிறுத்தியதற்குக்கூட ஒரு பெயர் உண்டு, இன்வாய்ஸ் எக்ஸெப்ஷன். நாலு வருடமாகத் தினமும் செய்கிற வேலையின் பெயர் தெரியாமல் அந்தப் பிள்ளை தனக்கு அது தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்படியே வருடக் கடைசியில் பார்ட்டிகளிடம் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் வாங்கி லெட்ஜரோடு ஒத்துப் பார்ப்பது வெண்டர் ரிகன்சிலியேஷன் ஆனது. மாதக் கடைசியில் பில் வராத செலவுக்கு ப்ரொவிஷன் போடுவது அக்ருவல் ஆனது. இங்கெல்லாம் பெயரை மாற்றுவது பொய் இல்லை, மொழிபெயர்ப்பு. பீன்யாக்காரர் செய்ததை பெல்லந்தூர்க்காரருக்குப் புரிகிற சொல்லில் சொல்கிறீர்கள்.

ஆனால் பி2பி வந்ததும் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. விளம்பரங்களில் பெரும்பாலும் "எண்ட்-டு-எண்ட் பி2பி" என்றுதான் இருக்கும். கேட்புச் சீட்டு எழுதுவதிலிருந்து, கொட்டேஷன், பர்சேஸ் ஆர்டர், சரக்கு வரவு, பில், பணம் கொடுப்பது வரை முழுச் சங்கிலி அது. அவர் ஃபேக்டரியில் பர்சேஸ் ஆர்டர் வரை பர்சேஸ் டிபார்ட்மென்ட் பார்த்துக்கொள்ளும். பில் வந்தபின்தான் அவர் வருவார். பி2பி என்ற சொல் அவருக்குச் சேரும், "எண்ட்-டு-எண்ட்" என்ற ஒட்டு சேராது. ப்ரொஃபைலில் "பி2பி சுற்றில் இன்வாய்ஸ் முதல் பேமென்ட் வரை" என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். தேடலிலும் மாட்டும், கேட்டாலும் நிற்கும். என் அனுபவத்தில் இந்தப் பொய்கள் பெயர்ச்சொல்லில் வருவதைவிட அதற்கு முன்னால் ஒட்டும் வார்த்தையில்தான் அதிகம் வருகின்றன. எண்ட்-டு-எண்ட், லெட், ஓன்ட், எக்ஸ்பர்ட். விளம்பரத்திலிருந்து வேலையின் பெயரை எடுங்கள், அளவைச் சொல்லும் வார்த்தையை மட்டும் உங்கள் கணக்கிலிருந்து போடுங்கள்.

எஸ்ஏபிதான் வலிக்கும் இடம். பன்னிரண்டில் ஒன்பது. அவர் கையில் இருப்பது டேலி. உங்களுக்கும் அப்படித்தான். போட்டுவிடலாமா என்ற சபலம் எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வருமுன் நானும் அக்கவுண்ட்ஸ்தான். 2014ல் ஏழெட்டு விளம்பரங்களில் ஆரக்கிள் என்று பார்த்து, யூடியூபில் நாலு வீடியோ பார்த்து ஸ்கில்ஸில் ஆரக்கிளைச் சேர்த்தேன். அழைப்பும் உடனே வந்தது. ஒரு கம்பெனியில் எதிரே இருந்த அம்மா மிகவும் அன்பாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இன்வாய்ஸ் ஹோல்டில் விழுந்தால் எப்படி ரிலீஸ் செய்வீர்கள்?" ஹோல்ட் என்றால் போனில் காத்திருப்பது என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் எனக்கு நன்றாகத் தெரிந்த டிடிஎஸ் பற்றிக்கூடக் கேட்கவில்லை. ஒரு பொய் சொல் பக்கத்தில் இருந்த ஒன்பது உண்மைச் சொற்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

எஸ்ஏபியிலும் இதே கதைதான். பர்சேஸ் ஆர்டர் உள்ள பில்லை எதில் போடுவீர்கள், இல்லாத பில்லை எதில் போடுவீர்கள் என்று கேட்பார்கள். முதலாவதற்கு `MIRO`, இரண்டாவதற்கு `FB60`. இதை மனப்பாடம் செய்துவிடலாம். "சரக்கு குறைவாக வந்திருந்தால் அந்தத் திரையில் என்ன ஆகும்?" என்ற அடுத்த கேள்விக்கு மனப்பாடம் கை கொடுக்காது. அதனால் ஸ்கில்ஸ் பட்டியலிலும் ஹெட்லைனிலும் எஸ்ஏபி வேண்டாம். வகுப்புக்குப் போயிருந்தால், சம்மரியின் கடைசியில் ஒரு வாக்கியமாக, பயிற்சி முடித்தேன், நேரடி வேலையில் பயன்படுத்தவில்லை என்று எழுதலாம். தேடுகிறவருக்கு அந்தச் சொல் மாட்டும், படிக்கிறவருக்கு உண்மையும் தெரியும். "எஸ்ஏபி கற்க ஆர்வம்" என்று எழுதுவதை மட்டும் செய்யாதீர்கள். அதுவும் தேடலில் மாட்டும், ஆனால் திறந்து பார்த்து ஏமாந்தவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். அடியேனும் அதில் ஒருவன்.

இப்போது ஹெட்லைன், சம்மரி, ஸ்கில்ஸ் என்ற மூன்று இடங்களையும் நிரப்பலாம். அவருடைய பழைய ஹெட்லைன், பி.காம் பட்டதாரி, சவாலான வாய்ப்பைத் தேடுகிறேன் என்று இருந்தது. புதியது:

```
Accounts Payable Executive, 4 yrs | Invoice Processing, 3-Way Match, Vendor Reconciliation | GST, TDS | Tally Prime | Bengaluru
```

வேலையின் பெயர் முதலில் இருக்கட்டும். லிங்க்ட்இன் 220 எழுத்து வரை விடும், ஆனால் பட்டியலில், அதுவும் போன் திரையில், முன்பாதிதான் தெரியும். அதிக விளம்பரங்களில் வந்த சொற்களில் உண்மையானவை முன்னால், மற்றவை பின்னால். பத்துப் பதினைந்து சொற்களைக் கோடு போட்டு அடுக்காதீர்கள், கடைப்பலகை போல இருக்கும்.

சம்மரியில் அதே சொற்கள் மறுபடி வரவேண்டும், ஆனால் இந்தத் தடவை ஒவ்வொன்றோடும் ஓர் எண்ணோ ஒரு பொருளோ ஒட்டிக்கொண்டு வரவேண்டும்:

```
Accounts Payable Executive with 4 years in a manufacturing company
in Bengaluru. Process about 450 vendor invoices a month in Tally Prime,
with 3-way match of PO, GRN and invoice. Handle vendor reconciliation
for 70 active vendors, TDS on vendor payments and GSTR-2B matching.
P2P cycle from invoice to payment. Accrual entries for month-end close.
SAP FI classroom training completed; not yet used on a live system.
```

450 என்பது அவர் டேலியில் பர்சேஸ் வவுச்சர்களை மாதவாரியாக எண்ணி எடுத்தது. குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள், நீங்களும் எண்ணிவிடுங்கள். சுருக்கெழுத்தும் விரிவும் இரண்டும் ப்ரொஃபைலில் எங்காவது ஒரு தடவை இருக்கட்டும். சிலர் பி2பி என்று தட்டுவார்கள், சிலர் ப்ரொக்யூர்-டு-பே என்று முழுசாக. மேலே உள்ள சம்மரியில் விரிவு இல்லை, அதை அவர் வேலை அனுபவப் பகுதியில் எழுதினார்.

ஸ்கில்ஸில் சொல்ல அதிகம் இல்லை. தட்டத் தொடங்கியதும் தளமே கீழே சொற்களைக் காட்டும், அதிலிருந்து தேர்ந்தெடுங்கள். நீங்களாக "அக்கவுண்ட் பேயபிள்ஸ்" என்று எஸ்ஸை இடம் மாற்றி எழுதினால் அது வேறு சொல்லாகிவிடும். பன்னிரண்டு, பதினைந்து போதும். எம்எஸ் ஆஃபிஸ், டீம் வொர்க் எல்லாம் இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். ரெஸ்யூமேயின் அடியில் வெள்ளை எழுத்தில் சொற்களைக் கொட்டி மறைக்கும் வித்தையை யாராவது சொல்லிக் கொடுத்தால் கேட்காதீர்கள். ஃபைலிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது நிறம் போய்விடும், மறைத்ததெல்லாம் எங்கள் முன்னால் வரிசையாக நிற்கும்.

ஒரு இடத்தில் மட்டும் விளம்பரத்தைப் பார்த்து எழுதவே கூடாது: வேலை அனுபவத்தில் வரும் டெசிக்னேஷன். அந்தத் தம்பியின் ஆஃபர் லெட்டரில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் என்றுதான் இருந்தது. ஹெட்லைன் நீங்கள் செய்யும் வேலையைச் சொல்வது, அங்கே அக்கவுண்ட்ஸ் பேயபிள் என்று சொல்லலாம். ஆனால் கம்பெனி பெயருக்கு நேரே வரும் பதவி, லெட்டரில் உள்ளது உள்ளபடியே இருக்கவேண்டும். பெரிய கம்பெனிகள் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனை வெளி ஏஜென்ஸியிடம் கொடுப்பார்கள். அவர்கள் உங்கள் பழைய எச்ஆரிடம் கேட்பது பெரும்பாலும் மூன்று விஷயம்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி. அனலிஸ்ட் என்று நீங்கள் போட்டு, அசிஸ்டென்ட் என்று அங்கிருந்து பதில் வந்தால், ஆஃபர் கையில் இருக்கும்போதே நின்றுபோகும். பதவியை அப்படியே எழுதி, கீழே முதல் வரியில் "அக்கவுண்ட்ஸ் பேயபிள் பணி" என்று விளக்கிவிடுங்கள். அவருடைய ஹெட்லைனில்கூட எக்ஸிகியூட்டிவ் என்று போட்டது எனக்குப் பிறகு உறுத்தியது. சம்மரியிலும் அதே சொல்தான் இருந்தது, இரண்டு இடத்திலும் எடுக்கச் சொன்னேன். "அக்கவுண்ட்ஸ் பேயபிள், 4 yrs" என்று இருந்தாலே போதும், தேடலுக்கு எக்ஸிகியூட்டிவ் தேவையில்லை. நீங்கள் மேலே உள்ளதை நகலெடுத்தால் அதை விட்டுவிட்டு எடுங்கள்.

மாற்றியபின் மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். இரண்டு தளங்களிலும், தேடலில் எத்தனை தடவை வந்தீர்கள் என்ற எண்ணிக்கை உங்கள் பக்கத்திலேயே தெரியும். மாற்றுவதற்கு முன் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை ஏறவே இல்லை என்றால் சொற்கள் இன்னும் பொருந்தவில்லை, விளம்பரங்களை வேறு பெயரில் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறியும் போன் வரவில்லை என்றால் சொற்களை மேலும் கிண்டாதீர்கள். நோட்டீஸ் பீரியட், எதிர்பார்க்கும் சம்பளம், ஊர் இந்த மூன்று கட்டத்தையும் பாருங்கள், எங்கள் வடிகட்டியில் பலர் விழுவது அங்கேதான். இன்னொன்று, மாதக்கணக்கில் உள்ளே நுழையாத ப்ரொஃபைல்களை நாங்கள் பெரும்பாலும் கழித்துவிடுவோம், வாரம் ஒரு தடவையாவது லாகின் செய்யுங்கள். போன் வந்து, முதல் ஐந்து நிமிடத்திலேயே "சரி, சொல்கிறோம்" என்று முடிகிறது என்றால், எந்தக் கேள்வியில் முடிந்தது என்று குறித்து வையுங்கள். அந்தக் கேள்வியில் இருந்த சொல்லைத்தான் நீங்கள் விளம்பரத்திலிருந்து கொஞ்சம் தாராளமாக எடுத்திருப்பீர்கள்.

அந்தத் தம்பிக்கு ஆறு வாரத்தில் நாலு போன் வந்தது. அதில் இரண்டு எஸ்ஏபி இல்லை என்றதும் முடிந்தது. மற்ற இரண்டிலும் முதல் ரவுண்டில் அவரைப் பேச வைத்தது அந்த 480 பேரிங் கதைதான். உங்கள் ஸ்டோர்ஸிலும் அப்படி ஒரு ஜிஆர்என் கிடக்கும், தேடி எடுத்து வையுங்கள்.